எட்டு மடங்கு கரைக்கு எட்டு மடங்கு கடலா?

பரவும் செய்தி: “எதிரெதிர்க் கரை நாடுகளுக்குக் கடற்கரை நீள விகிதப்படியே சர்வதேச நீதிமன்றம் கடலைப் பங்கு போடும்.”

தவறு. 1985-இல் தீர்ப்பான லிபியா-மால்டா வழக்கைப் பாருங்கள். கணக்கில் வந்த லிபியக் கரை 192 மைல், மால்டாவுடையது 24 மைல், எட்டுக்கு ஒன்று. ஆனாலும் கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் தரையான கண்டத்திட்டை நீதிமன்றம் அப்படிப் பிரிக்கவில்லை.

முதலில் இரு கரைகளிலிருந்தும் சம தூரத்தில் ஒரு கோடு வரைந்தது. மால்டாவுக்குத் தெற்கேயுள்ள ஃபில்ஃப்லா என்ற ஆளில்லாத் திட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு பாறை கோட்டையே நகர்த்துவது நியாயமல்ல என்பது என் கருத்தும்கூட.

பிறகு சூழல். கரை நீளத்தில் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், கோடு வடக்கே, மால்டா பக்கம் நகரவேண்டும். எவ்வளவு? மால்டா தனி நாடாக இல்லாமல் இத்தாலியின் பகுதியாக இருந்திருந்தாலும், எல்லை இத்தாலியின் சிசிலித் தீவுக்கும் லிபியாவுக்கும் இடையிலான நடுக்கோட்டைத் தாண்டி வடக்கே போயிருக்காது; அந்த நடுக்கோடு அட்சரேகையில் 24 கலை, அதாவது ஏறத்தாழ 24 கடல் மைல், வடக்கே இருக்கிறது. தனி நாடாக இருப்பதாலேயே மால்டா அதைவிட மோசமான நிலைக்குப் போகக்கூடாது. ஆகவே 24 கலை உச்சவரம்பு. நீதிமன்றம் நகர்த்தியது 18 கலை.

விகிதம் பார்க்கப்படுவது கடைசியில்தான். கிடைத்த பரப்புகளுக்கும் கரை நீளங்களுக்கும் இடையே கண்ணை உறுத்தும் ஏற்றத்தாழ்வு உண்டா என்று சரிபார்த்தார்கள்; துல்லியமான எண்கணக்குப் போடவில்லை. 2009-இல் ருமேனியா-உக்ரைன் கருங்கடல் வழக்கில் இந்த மூன்று படிகளும் தெளிவாக வரிசைப்படுத்தப்பட்டன. அங்கும் விகிதம் மூன்றாவதுதான்.