ஒரு நாள் வேண்டாம்னு சொல்லிப் பாருங்க

கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. ஆறரைக்கு வெளியே வந்தால் பஸ் ஸ்டாப்புக்குப் பத்து நிமிஷ நடை. போன வருஷம் ஏறக்குறைய நாலு மாசம் அந்தப் பத்து நிமிஷமும் எங்க ஆபீஸ்காரர் ஒருத்தர் கூடவே வந்தார். முதல் நாள் நல்ல மழை, தெருவிளக்கு வேற எரியலை. உண்மையிலேயே உதவியாத்தான் இருந்தது.

அப்புறம் மழை நின்னுடுச்சு, அவர் நிற்கலை. நான் சிஸ்டத்தை அணைக்கிறப்பவே பையோட நிப்பார். கொஞ்ச நாளில், "ஏங்க கூட்டத்துல நிக்கணும், வண்டியில விட்டுடறேனே"ன்னு ஆரம்பிச்சார். நான் தாம்பரம், அவர் வீடு போரூர் பக்கம். ரெண்டும் வேற வேற திசை.

தப்பா ஒரு வார்த்தை பேசினதில்லை. அதனாலதான் எனக்கே குழப்பம், வெளியே சொன்னா "பாவம், நல்ல மனுஷன்"ம்பாங்க. ஒரு நாள் தோழியோட சீக்கிரம் கிளம்பிட்டேன். போனில் மூணு மிஸ்டு கால். மறுநாள், "சொல்லிட்டுப் போயிருக்கலாமே"ன்னு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டார். எனக்குப் புரிஞ்சது அன்னைக்குத்தான். எங்க கேஷியர் அண்ணனும் ஒரு ராத்திரி என்னை வண்டியில விட்டிருக்கார். மறுநாள் நான் எப்படிப் போனேன்னு அவர் கணக்குக் கேட்கலை.

நான் செஞ்ச தப்பு, காரணம் சொன்னது. "இன்னைக்குக் கடைக்குப் போகணும்"னா "நானும் வர்றேன்"பார். "ஹெல்மெட் இல்லை"ன்னா மறுநாள் ரெண்டாவது ஹெல்மெட் வந்துடும். (வந்தது. புதுசு.) காரணத்துக்குத் தீர்வு கண்டுபிடிச்சிடலாம், முடிவுக்கு முடியாது. அதனால ஒரு சாயங்காலம் நேராச் சொன்னேன்: "இனிமே நான் தனியாவே போய்க்கிறேன், கூட வர வேண்டாம்." அன்னைக்கு ராத்திரியே அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன்.

எழுதி வெச்சதுக்குக் காரணம் உண்டு. கூட நடக்கிறது குற்றமில்லை. ஆனா 2013ஆம் வருஷத்துப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பாலியல் நோக்கத்தோட நடந்துக்கிறதுல நமக்கு விருப்பம் இருந்ததா இல்லையான்னுதான் முக்கியமாப் பார்க்குது. வேண்டாம்னு சொன்ன பிறகும் தொடர்ந்து, விஷயம் அந்தப் பக்கம் திரும்பினா, என்னைக்குச் சொன்னோம்ங்கிறதுக்கு அந்த மெசேஜ் சாட்சி. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்துல புகார் கமிட்டி இருக்கணும். கடைசிச் சம்பவத்துலேர்ந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுக்கணும், தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தா கமிட்டி இன்னும் மூணு மாசம் தரலாம்.

எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரலை. ரெண்டு மணி நேரம் கழிச்சு "ஓகே"ன்னு பதில் வந்தது. ஒரு வாரம் பேசலை. அப்புறம் ஸ்டேப்ளர் கேட்டார், கொடுத்தேன்.