பெயர் சொல்லாமல் ஜகாத்

“என் சித்தப்பா கடனில் இருக்கிறார், ஆனால் ஜகாத் என்றால் வாங்க மாட்டார். சொல்லாமல் கொடுத்தால் கூடுமா?” – ஒரு வாசகர் கேட்கிறார்.

கூடும். நிய்யத் கொடுப்பவர் மனதில் இருந்தால் போதும். வாங்குபவரிடம் அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஓர் ஆண்டு கையில் நின்ற சேமிப்பு 8 லட்சம் என்றால் இரண்டரை சதவீதம், 20,000 ரூபாய். அதை எடுக்கும்போதே நிய்யத் வைத்துவிட்டு, “பெருநாள் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் சாச்சா” என்று கொடுத்தாலும் நிறைவேறிவிடும். “கடனாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள். பாவம், திருப்பித் தர அலைவார்.

சித்தப்பாவுக்குக் கொடுக்கலாம், பெற்றோர், பிள்ளைகளுக்குத்தான் ஜகாத் சேராது, அவர்களைப் பார்த்துக்கொள்வது ஏற்கெனவே நம் கடமை. அவர் உங்களிடமே கடன்பட்டிருந்தால், அதைத் தள்ளுபடி செய்து ஜகாத்தில் கழிப்பதைப் பலர் ஏற்பதில்லை.

அப்புறம், பிறகு சொல்லிக்காட்டவும் கூடாது. சொல்லிக்காட்டியும் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்கிறது குர்ஆன் (2:264). எங்கள் ஊரில் ஒருவர் ரமலானில் வாசலில் வரிசை நிற்க வைத்துச் சேலை கொடுத்துப் படமும் எடுத்தார். மறு வருடம் உண்மையில் தேவைப்பட்ட இரண்டு வீட்டார் அந்தப் பக்கமே வரவில்லை.