மூப்புக்கு டைமர் உண்டா?

“பழைய தலைமுறை இடம்விட வேண்டும் என்று இயற்கையே ஜீனில் டைமர் வைத்திருக்கிறது. 1993 புழு ஆய்வு அதற்குச் சாட்சி. அதை அணைத்தால் மூப்பு இல்லை.”

இப்படி ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். அந்தப் புழு ஆய்வு உண்மைதான். உயிரியலாளர் சிந்தியா கென்யனின் குழு டாஃப்-2 என்ற ஒரே ஜீனைப் பலவீனப்படுத்தியது, ஆயுள் இரட்டிப்புக்கு மேல் போனது. ஆனால் அந்தப் புழுக்களும் மூப்படைந்தே செத்தன, மெதுவாக. இன்சுலின் போன்ற சமிக்ஞைகளை வாங்கும் புரதத்தை உருவாக்கும் ஜீன் அது. வளர்ச்சியும் இனப்பெருக்கமும் அதன் வேலை. பின்னாளில் சாதாரணப் புழுக்களோடு கலந்து வளர்த்தபோது, நீண்ட ஆயுள் புழுக்கள் சில தலைமுறைகளிலேயே காணாமல் போயின. இளமையில் அவை ஈனும் குஞ்சுகள் குறைவு, அதான் காரணம். இளமையில் உதவும் ஜீன் முதுமையில் கெடுக்கலாம் என்று 1957இல் பரிணாம உயிரியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸ் சொன்னது இதைத்தான்.

சரி, உண்மையிலேயே டைமர் இருந்தால்? அந்த டைமர் பழுதான ஒரு விலங்கு கூடுதல் காலம் வாழ்ந்து கூடுதல் குட்டி போடும். மெல்ல அந்தக் கூட்டமே டைமர் இல்லாததாகிவிடும். தியாகம் செய்தவற்றின் வாரிசு மிஞ்சாது. ‘இடம்விடும்’ கதை இடறுவது இங்கேதான்.

திட்டமிட்ட சாவுக்குச் சால்மன் மீனை உதாரணம் சொன்னவர் பாதி சரி. பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் ஹார்மோன் வெள்ளத்தில் சிதைந்து சாகிறது, பார்க்கத் திட்டம் போலவே இருக்கும். ஆனால் அது ஒரே முறை இனப்பெருக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டும் உயிரி. நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

வைட்டமின் ஈ மாத்திரை எடுப்பதாகச் சொன்ன நண்பருக்கு: செல் சேதம் மூப்பில் பங்கு வகிக்கிறது, ஆனால் அதைத் தடுக்கும் என்று நம்பி எடுக்கும் அந்த மாத்திரைகள் பெரிய ஆய்வுகளில் ஆயுளைக் கூட்டவில்லை. எந்தச் சேதம் முதன்மை என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.