லேபிள் இருந்தது

பள்ளிக் கண்காட்சியில் என் அக்கா மகள் வைத்த அந்த உப்பு யாத்திரைப் படத்தைப் பற்றி, வரலாற்றைத் திரித்துவிட்டோம் என்று நேற்றிலிருந்து குரூப்பில் ஆளாளுக்குப் பேசிவிட்டீர்கள். அதைச் செய்துகொடுத்தவள் நான்தான். என் பங்குக்கு நானும் பேசிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. லேபிள் இருந்தது. "1930 வேதாரண்யம் உப்பு யாத்திரைப் படம். வலது ஓரத்தில் கலரில் நிற்கும் நான் பிற்பாடு சேர்க்கப்பட்டவள்" என்று படத்துக்குக் கீழே என் அக்கா மகளே கைப்பட எழுதியிருந்தாள். பக்கத்திலேயே, நான் கை வைக்காத பழைய படத்தையும் அதே அளவில் ஒட்டியிருந்தோம். கண்காட்சிக்கு வந்த ஒரு மகராசன் செல்போனில் எடுத்து, கீழ்வரியையும் பக்கத்துப் படத்தையும் வெட்டிவிட்டு, 'வரலாற்றைத் திரிக்கிறார்கள்' என்று குரூப்பில் போட்டார். வெட்டியவருக்கு இருநூறு லைக். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதும் தண்டனை. நல்ல நியாயம்.

அவளை ஏன் அங்கே நிறுத்தினோம் என்று ஒருவராவது கேட்டீர்களா? ராஜாஜி 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கினார். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். அதனால் ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். "நான் அங்க இருந்தா பொட்டலம்தான் கட்டியிருப்பேன் சித்தி" என்றாள். அதனால்தான் ஊர்வலத்துக்குள் நிறுத்தாமல், ஓரத்து மரத்தடியில் கையைத் தூக்கி நிற்கவைத்தேன்.

பழைய படத்தில் நிழல் இடது பக்கம் விழுந்திருந்தது. அதற்காகச் சாயங்காலம் நான்கு மணிக்கு மொட்டைமாடியில், வெயில் படத்தின் வலப்பக்கத்திலிருந்து வரும்படி நிற்கவைத்து எடுத்தேன். கேமராவை நெஞ்சு உயரத்துக்கு இறக்கினேன். இல்லையென்றால் கால் தரையில் ஒட்டாமல் ஆள் மிதப்பதுபோல் இருக்கும். பழைய படத்தில் இருந்த ஒரு முகத்தைக்கூட அவள் மறைக்கவில்லை. அவளையும் கருப்பு வெள்ளையாக்கி, அந்தக் காலத்துப் பொரிபொரியான புள்ளிகளையும் தூவியிருந்தால் உங்களில் ஒருவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. தொழில் அதுதான், எனக்குத் தெரியும். வேண்டுமென்றே நீல யூனிஃபார்மோடு கலரில் விட்டேன். 1930-ஆம் வருஷத்துச் சாலையில் ஷூ போட்டுக்கொண்டு கலரில் ஒரு பிள்ளை நின்றால், அதைவிடப் பெரிய லேபிள் என்ன வேண்டும்?

"அந்த யாத்திரையில் பொம்பளைப் பிள்ளை ஏது?" என்று ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். அவள் போனாள் என்று யார் சொன்னது? அது போகட்டும், வேதாரண்யம் சத்தியாகிரகத்துக்காக ருக்மிணி லட்சுமிபதி சிறைக்கே போனார். அதையும் படித்துவிட்டு வாருங்கள் அண்ணா.

எங்கள் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். செத்துப்போன தாத்தாவைப் பேரன் கல்யாண போட்டோவில் சேர்த்துக் கொடுங்கள் என்று வருவார்கள். நானே எத்தனையோ செய்திருக்கிறேன். அதில் எவரும் லேபிள் கேட்டதில்லை. நாளைக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் தாத்தா கல்யாணத்துக்கு வந்திருந்தார் என்றுதான் நம்பும். அதற்குக் கை எடுத்துக் கும்பிட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், எழுதி ஒட்டிய பிள்ளையைப் பொய்க்காரி என்கிறார்கள்.

சரி, என் பக்கம் ஒரு தப்பு உண்டு. ஒத்துக்கொள்கிறேன். லேபிளைப் படத்துக்கு வெளியே விட்டேன். சார்ட் சுவரில் இருக்கும்வரை அது போதும். செல்போன் வந்தபின் போதாது. ஃபைலுக்குள் விவரம் எழுதிவைத்தால் போதாதா என்று ஒரு தம்பி கேட்டான். சுவரில் இருப்பதை ஒருவர் போனில் எடுத்தால் அது வேறு ஃபைல். நாமே ஃபைலைப் போட்டோவாக அனுப்பினாலும் வாட்ஸ்அப் அந்த விவரத்தையெல்லாம் உதிர்த்துவிடும். எழுத்து படத்துக்குள்ளேயே, அதுவும் அவள் மேலேயே ஓட வேண்டும். மூலையில் போட்டால் மூலையை வெட்டுவார்கள். இடுப்புக்குக் குறுக்கே போட்டால், லேபிளை வெட்டுகிறவர் பிள்ளையையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

ஆனால் அது என் தப்பு. அந்தப் பிள்ளையின் தப்பு இல்லை. அவள் செய்தது எழுதியது மட்டும்தான். அந்த ஒரு வரியை எழுதப் பென்சிலால் கோடு போட்டு, இரண்டு தடவை அழித்து எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

நேற்று ராத்திரி ஏ3 தாளில் திரும்பப் பிரிண்ட் போட்டேன். "இவள் 1930-இல் இல்லை" என்று அவள் இடுப்புக்குக் குறுக்கே, ஆறடி தள்ளி நின்றாலும் படிக்கிற அளவு எழுத்து. மேசைமேல் கிடக்கிறது. பள்ளிக்குக் கொண்டுபோகிறாயா என்று கேட்டேன். வேண்டாம் சித்தி என்றாள்.