04/05/2024 என்பது எந்த நாள்? தேதியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

ஸ்கேன் செய்த இன்வாய்ஸில் 04/05/2024 என்று இருக்கிறது. மென்பொருள் ஒரு எண்கூடப் பிசகாமல் படித்துவிட்டது. ஆனால் அது மே 4-ஆ, ஏப்ரல் 5-ஆ? இந்தியாவிலும் பிரிட்டனிலும் நாள் முதலில் வரும், அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். வருடத்தில் 132 நாட்களை இப்படி இரண்டு விதமாகப் படிக்கலாம். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு பில் பாஸ் பண்ணும் வேலையில் இருப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி.

இந்த முடிவை மென்பொருளின் இயல்புநிலை அமைப்பிடம் விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பைத்தானில் பலரும் பயன்படுத்தும் dateutil என்ன செய்கிறது என்று பாருங்கள்:

```python
from dateutil import parser
parser.parse("12/04/2024")  # 2024-12-04
parser.parse("13/04/2024")  # 2024-04-13
```

ஒரே சப்ளையர் அடுத்தடுத்த நாளில் போட்ட இரண்டு பில்கள். முதலாவது டிசம்பருக்குப் போய்விட்டது, இரண்டாவது ஏப்ரலிலேயே நிற்கிறது. 13-ஆவது மாதம் கிடையாது என்பதால் அது தானாகவே வரிசையை மாற்றிக்கொண்டது, எந்த எச்சரிக்கையும் தரவில்லை. எல்லாத் தேதியும் ஒரே மாதிரி தப்பாகியிருந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். பாதி சரி, பாதி தப்பு என்றால் மாதக் கணக்கு முடிக்கும்போதுகூடக் கண்ணில் படாது. dayfirst=True என்று கொடுத்தாலும் இதே கதைதான். அமெரிக்க பில்லில் 04/13 வந்தால் அப்போதும் சத்தமில்லாமல் திருப்பிக்கொள்ளும்.

பணமும் போகும். ஒரே இன்வாய்ஸ் மெயிலில் ஒருமுறை, தபாலில் ஒருமுறை என்று வந்து, ஒன்று மார்ச் 4 என்றும் மற்றொன்று ஏப்ரல் 3 என்றும் பதிவானால், எண், தேதி, தொகை மூன்றும் பொருந்தினால்தான் டூப்ளிகேட் என்று பார்க்கும் சோதனையில் இரண்டுமே தப்பிவிடும். சப்ளையருக்கு இரண்டு முறை பணம் போய்ச் சேரும்.

சரி, எப்படித் தீர்ப்பது? பதில் பெரும்பாலும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. மேலே சொன்ன 04/05/2024 பில்லில் டியூ டேட் 05/05/2024 என்றும், கட்டண விதி 'நெட் 30', அதாவது பில் தேதியிலிருந்து 30 நாளில் பணம் தர வேண்டும் என்றும் இருக்கிறது என்று வையுங்கள். நாள் முதலில் என்று படித்தால் மே 4-லிருந்து மே 5 வரை ஒரே ஒரு நாள். மாதம் முதலில் என்றால் ஏப்ரல் 5-லிருந்து மே 5, சரியாக 30 நாள். அப்புறம் பேச்சே இல்லை, இது அமெரிக்க வரிசைதான். டியூ டேட் இல்லாவிட்டால், டெலிவரி தேதியோ சேவைக் காலமோ அதே வடிவத்தில் அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள். அதில் 12-க்கு மேல் ஒரு நாள் எண் கிடைத்தால் போதும், அந்தப் பக்கம் முழுவதற்கும் வரிசை தெரிந்துவிடும். பில் கையில் வந்த தேதியும் உதவும். மே 9 அன்று வந்த பில்லில் 05/06 என்றிருந்தால் ஜூன் 5-ஆக இருக்க வாய்ப்பு குறைவு. முன்கூட்டியே சந்தா பில் போடுகிறவர்கள் உண்டு என்பதால், இதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டேன்.

பக்கத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்றால் சப்ளையரின் பழைய பில்களுக்குப் போக வேண்டும். இங்கே சப்ளையர் பெயரை மட்டும் வைத்து விதி எழுதாதீர்கள். பெயரோடு பில்லின் அச்சு வடிவத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே பன்னாட்டு நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை ஒரு மாதிரியும் இந்தியக் கிளை வேறு மாதிரியும் பில் அனுப்பும். 12-க்கு மேல் ஒரே ஒரு தேதி கிடைத்ததும் விதியைப் பூட்டிவிடவும் கூடாது. மங்கிய ஸ்கேனில் 11 என்பது 17 என்று படிக்கப்பட்டால், அந்த ஒரு பிழை அடுத்து வரும் எல்லா பில்களையும் கெடுக்கும். குறைந்தது மூன்று பில்களாவது ஒரே பக்கம் கை காட்டட்டும். எதிர்ச்சாட்சி ஒன்று வந்தாலும் விதியை நிறுத்திவைத்துவிட்டு மனிதர் பார்க்க வேண்டும்.

டாலரில் பில் வந்தால் அமெரிக்க வரிசை என்று சிலர் விதி எழுதுகிறார்கள். தயவுசெய்து அதை நீக்குங்கள். திருப்பூர் ஏற்றுமதியாளரும் டாலரில்தான் பில் போடுகிறார், தேதியை நம் ஊர் வழக்கப்படிதான் எழுதுகிறார். கனடாவில் இரண்டு வழக்கமும் புழங்குவதால் நாட்டின் பெயரும் அங்கே கைகொடுக்காது.

இத்தனைக்குப் பிறகும் தீராதவை கொஞ்சம் இருக்கும். அவற்றுக்கு ஒரு தேதியை ஊகித்து நிரப்புவதைவிட, கட்டத்தைக் காலியாக விட்டு ஆளிடம் அனுப்புவதே நேர்மை. அனுப்பும்போது இரண்டு சாத்தியமான தேதிகளையும் மாதப் பெயரோடு காட்டுங்கள், பக்கத்திலேயே பில்லின் அந்த மூலையைப் படமாக வையுங்கள். தீர்ந்த தேதியை 2024-04-05 என்ற வடிவில் சேமித்தாலும், பில்லில் இருந்த மூல எழுத்தையும் எந்த விதியால் முடிவானது என்பதையும் கூடவே வையுங்கள். ஒரு விதி தப்பு என்று பிறகு தெரிந்தால், அதனால் முடிவான பில்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் திருத்த அது ஒன்றுதான் வழி.