ஆப் முழுவதையும் இலவசமாக வரைந்து அனுப்பாதீர்கள்

மதுரையில் தனியாக டிசைன் வேலை பார்க்கும் தம்பி தங்கச்சிகள் இன்பாக்ஸில் அடிக்கடி கேட்பது இது: "அண்ணே, ஸ்டார்ட்அப் நடத்துறவங்களுக்கு மெயில் மேல மெயில் போடுறேன், ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்குறாங்க." அனுப்பியதைக் காட்டச் சொல்லிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, லோகோ முதல் கல்யாணப் பத்திரிகை வரை எல்லாம் செய்வேன் என்று சொல்லிப் பழைய வேலை அத்தனையும் கிடக்கிற ஒரு லிங்க். இன்னொன்று, அந்தக் கம்பெனியின் ஆப்பை யாரும் கேட்காமலே முழுசாக மாற்றி வரைந்து, "இது எப்படி இருக்கு பாருங்க சார்" என்று அனுப்புவது.

இரண்டாவதைத்தான் பலரும் திறமை என்று நினைக்கிறார்கள். என் கணக்கில் முதலாவதைவிட அது மோசம். உள்ளே என்ன கட்டாயம் இருக்கிறது என்று தெரியாமல் வரைந்திருப்பீர்கள். அழகுக்காக நீங்கள் தூக்கிய ஒரு கட்டம், அவர்களுடைய வாடிக்கையாளர் கேட்டு வாங்கிப் போட்ட கட்டமாக இருக்கலாம். ராத்திரி பகலாக ஓடிச் செய்த ஒன்றை முன்பின் தெரியாத ஆள் மொத்தமாக மாற்றி அனுப்பினால், அந்த நிறுவனருக்கு முதலில் எரிச்சல்தான் வரும். அப்படியே அவருக்குப் பிடித்துப்போனாலும், விற்க வேண்டியதை ஏற்கனவே சும்மா கொடுத்தாகிவிட்டது. அதற்கு மேல் என்ன விலை பேசுவீர்கள்?

நான் அனுப்புவதில் மூன்றே விஷயம் இருக்கும். அவருடைய பிரச்சினைக்குப் பொருந்துகிற என் பழைய வேலை ஒன்று, அவர் ஆப்பில் நான் கவனித்த ஒரு விஷயம், காசு வாங்கிச் செய்கிற ஒரு சின்ன வெள்ளோட்டம். எடுத்துக்காட்டாக ஒரு வேலையைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் காட்டாமல்.

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போடுகிற விவசாயிகளுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலையைப் போனில் காட்டுகிற ஆப் அது. நிறுவனர் இளைஞர். ஒரு கூட்டத்தில் பேசும்போது, "ஆப்பை இறக்குறாங்க, ஒரு தடவை பாக்குறாங்க, அப்புறம் பழையபடி புரோக்கருக்குத்தான் போன் பண்றாங்க" என்று அவரே சொன்னார். பிட்ச் எழுத இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது. பிரச்சினையை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

ஆப்பை இறக்கி, சொந்தக்காரர் ஒருவரின் பழைய ஆண்ட்ராய்டு போனில் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ இவ்வளவு என்று கொட்டை எழுத்தில் விலை தெரிகிறது. எத்தனை மணி விலை என்று இல்லை. விடிவதற்குள் பறித்த மொட்டை அன்றைக்கே விற்றாக வேண்டியவருக்கு, ஏழு மணி விலையும் ஒன்பது மணி விலையும் ஒன்றல்ல. அதைவிடப் பெரிய குறை, கையில் எவ்வளவு வரும் என்பது எங்கேயும் இல்லை. 5 கிலோ பூ, கிலோ 600 ரூபாய் என்றால் 3,000. கமிஷன் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 300 போச்சு, வண்டிக்கு 60 போச்சு, மிச்சம் 2,640. விவசாயிக்கு வேண்டியது இந்த 2,640தான். புரோக்கர் அதைப் போனிலேயே சொல்லிவிடுகிறார், ஆப் சொல்லவில்லை. பிறகு ஏன் ஆப்பைத் திறக்கப்போகிறார்?

இனி, பழைய வேலைகளில் எதைக் காட்டுவது? என்னிடம் ஒரு பூக்கடைக்குச் செய்த அழகான வெப்சைட் இருந்தது. பூ என்பதால் அதைத்தான் எடுக்கத் தோன்றும். நான் அனுப்பியது பால் கொள்முதல் நிலையம் ஒன்றுக்குச் செய்த ஸ்க்ரீன். எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, இதரச் சத்து எவ்வளவு, லிட்டருக்கு என்ன விலை என்று சின்னதாக மேலே இருக்கும். கையில் வரும் தொகை மட்டும் பெரிதாகக் கீழே. பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் அதே மாதிரி ஆள், அதே மாதிரி போன், அதே அவசரம், அதே கேள்வி. பொருந்துகிற சாம்பிள் என்று நான் சொல்வது இதைத்தான். தொழில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அந்த ஸ்க்ரீனைப் பார்க்கிறவரின் நிலைமை ஒன்றாக இருந்தால் போதும்.

சாம்பிளை வெறும் படமாக அனுப்பினாலும் பயனில்லை. என்ன சிக்கல் இருந்தது, என்ன மாற்றினேன் என்று இரண்டு வரி கூடவே போக வேண்டும். நான் எழுதியது இவ்வளவுதான்:

"வணக்கம் சார். உங்கள் ஆப்பை 360 அகல ஸ்க்ரீனில் பார்த்தேன். விலை தெரிகிறது, கமிஷனும் வண்டிக்கூலியும் போக விவசாயி கையில் வருவது தெரியவில்லை. புரோக்கருக்குப் போன் போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பால் நிலையம் ஒன்றில் இதே சிக்கலுக்குச் செய்த ஸ்க்ரீனை இணைத்திருக்கிறேன். கையில் வரும் தொகையைப் பெரிதாக்கிய பிறகு, கவுன்ட்டரில் கணக்குக் கேட்டு நிற்பவர்கள் குறைந்தார்கள் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். உங்கள் 'இன்றைய விலை' ஸ்க்ரீனை மட்டும் 2 நாள் வேலையாக 9,000 ரூபாய்க்குச் செய்து தருகிறேன். பிடித்தால் மேற்கொண்டு பேசலாம், இல்லையென்றால் அதோடு முடிந்தது."

"காரணமாக இருக்கலாம்" என்றுதான் எழுதினேன். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு அவ்வளவுதான் தெரியும். "உங்கள் டிசைன் தப்பு" என்று ஆரம்பிக்கிற மெயில் இரண்டாவது வரியைத் தாண்டாது.

மறுநாள் போன் வந்தது. "அண்ணே, நல்லாருக்கு. ஒரு ஸ்க்ரீன்தானே, அதை மட்டும் சாம்பிளா சும்மா பண்ணிக் காட்டுங்களேன், அப்புறம் மொத்தமா குடுத்துருவோம்." இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பலர் விழுந்துவிடுகிறார்கள். "சாம்பிள் அனுப்பிட்டேனே தம்பி, அது நான் எப்படி வேலை பார்ப்பேன்னு காட்டும். உங்க ஸ்க்ரீன் உங்க ஆப்புல ஏறப்போற வேலை, அதுக்குத்தான் காசு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சரி என்றார்.

9,000 என்பது இரண்டு நாளைக்கு என் வழக்கமான கூலி. வெள்ளோட்டம்தானே என்று குறைக்கவில்லை. இங்கே குறைத்தால் நாளைக்கு மொத்த வேலைக்கும் அதுதான் விலை ஆகிவிடும். பெரிய வேலை கொடுத்தால் இதைக் கழித்துக்கொள்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதிலும் உடன்பாடில்லை, அது தாமதமாகக் கொடுக்கிற தள்ளுபடிதான். தொகை, நிறுவனர் கூட்டாளியைக் கேட்காமல் தானே முடிவெடுக்கிற அளவில் இருக்க வேண்டும். என் அனுபவத்தில் இங்கே பத்தாயிரத்துக்குள் இருந்தால் அன்றைக்கே சரி என்பார்கள். இருபத்தைந்து என்றால் "டீம்ல பேசிட்டுச் சொல்றேன்" என்று ஆகிவிடும். வரிப் பிடித்தத்திலும் ஒரு சௌகரியம் உண்டு. தொழில்முறைக் கட்டணத்துக்கான டிடிஎஸ் வரம்பு 2025 ஏப்ரலில் வருஷத்துக்கு 30,000 ரூபாயிலிருந்து 50,000 ஆனது. அவர்கள் வருஷத்தில் உங்களுக்குத் தருவது மொத்தமாகவே அதற்குள் இருந்தால் அந்தப் பேச்சே வராது.

பாதி முன்பணம், மீதி ஃபைலைக் கொடுக்கும்போது. முன்பணம் தர இழுக்கிறவர் மீதியையும் இழுப்பார். அதை 4,500 ரூபாயிலேயே தெரிந்துகொள்வது நமக்கு லாபம்.

எது முடிந்தால் வேலை முடிந்தது என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். நான் எழுதியது: ஒரே ஸ்க்ரீன், அதன் நான்கு நிலைகள், ஒரு முறை திருத்தம், ஃபிக்மா ஃபைல். நான்கு நிலைகள் என்பது முக்கியம். விலை ஓடிக்கொண்டிருக்கும்போது எப்படி இருக்கும் என்பதை எல்லோரும் வரைவார்கள். விடிகாலை நாலு மணிக்கு மார்க்கெட்டே சூடு பிடிக்காதபோது என்ன காட்டுவது? நேற்றைய கடைசி விலையை, "நேற்று" என்று தெளிவாகப் போட்டு, நிறம் மங்கலாக. சிக்னல் இல்லாதபோது, கடைசியாகக் கிடைத்த விலையும் அதன் நேரமும். அன்றைக்கு வரத்தே இல்லையென்றால் அதைச் சொல்லும் ஒரு வரி. இதையெல்லாம் வரையாமல் விட்டால், கோடிங் எழுதுகிறவர் தன் மனம்போல ஒன்றைப் போட்டுவிடுவார், பழி டிசைன் மேல் வரும்.

தமிழ் எழுத்து தனிக் கதை. ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்திலேயே தமிழை ஊற்றினால் 'கீ'யின் சுழியும் 'கூ'வின் அடியும் வெட்டுப்படும். 'Sell' என்று நாலு எழுத்து இருந்த பட்டனில் "விற்பனைக்குப் பதிவு செய்" போட்டால் பாதியில் மூன்று புள்ளி வந்து நிற்கும். அவர் ஆப்பில் இரண்டுமே இருந்தன. பட்டனை ஸ்க்ரீன் அகலத்துக்கு நீட்டி, எழுத்து இரண்டு வரியாக மடியவும் இடம் விட்டேன். விரல் வைக்கும் உயரம் 48 dp-க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன், மொட்டுப் பறித்த ஈரக்கை அல்லவா.

பிறகு அந்த ஸ்க்ரீனைப் போனில் போட்டு, நிறுவனரையும் கூட வைத்துக்கொண்டு, மார்க்கெட்டுக்கு வந்த சில விவசாயிகளிடம் கொடுத்தோம். ஒரே கேள்வி: "இன்னைக்கு உங்க கைக்கு எவ்வளவு வரும்ணே?" பட்டென்று தொகையைச் சொன்னால் ஸ்க்ரீன் சரி. கிலோ விலையைச் சொன்னாலோ, போனைத் திருப்பி நம்மிடம் நீட்டினாலோ சரியில்லை. ஒரு பெரியவர், "வண்டிக்கூலி எங்களுக்கு அறுபது இல்லப்பா, எம்பது" என்றார். கூலியை அவரவரே மாற்றிக்கொள்ளும் கட்டம் அப்படித்தான் வந்தது, அதுதான் அந்த ஒரு திருத்தமும். என் பேச்சைவிட அந்தக் காலைநேரம்தான் நிறுவனரை நம்ப வைத்தது என்று நினைக்கிறேன்.

உரிமை விஷயத்தையும் விடாதீர்கள். நீங்கள் அவர்களிடம் சம்பள ஆள் இல்லை என்பதால், இப்படிப்பட்ட டிசைனின் பதிப்புரிமை பொதுவாக உங்களிடமே இருக்கும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அதை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த ஊருக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் கொள்ளப்படும். அதனால் "முழுத் தொகை வந்ததும் இந்த ஸ்க்ரீனின் உரிமை, கால வரம்பும் நாட்டு வரம்பும் இன்றி உங்களுக்கு, என் வேலை என்று காட்டிக்கொள்ளும் அனுமதி எனக்கு" என்று ஒரு வரி போட்டு இருவரும் கையெழுத்திட்டோம். நிறுவனருக்கும் இது நிம்மதி. நாளைக்கு முதலீடு செய்ய வருகிறவர் இதைத்தான் முதலில் கேட்பார்.

ஒரு வகை ஆளை மட்டும் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். நாலைந்து டிசைனர்களுக்கு ஒரே "டாஸ்க்" கொடுத்து, எல்லோரிடமும் சும்மா வரைந்து வாங்குகிறவர்கள். இத்தனை பேரில் ஒருவரை எடுக்கப்போகிறோம் என்பார்கள். கேட்கிற ஸ்க்ரீன் அவர்கள் ஆப்பில் அடுத்த மாதம் வரப்போகிற அம்சமாக இருந்தால் அது தேர்வு கிடையாது. உண்மையிலேயே சோதிக்க நினைக்கிறவர் கற்பனையான ஒன்றைக் கொடுப்பார், இல்லையென்றால் காசு கொடுப்பார்.

மல்லிகைக்காரர் அடுத்து மொத்த ஆப்பையும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. விற்பனைக்குப் பதிவு செய்கிற மூன்று ஸ்க்ரீனை மட்டும் கொடுத்தார், அதே நாள் கூலிக்கு. முன்பணத்தை நான் கேட்பதற்கு முன்னாலேயே போட்டுவிட்டார்.