மூன்று வாளித் தண்ணீர்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் குடியிருப்புக் குழாயடியில் நடந்த கூத்தைப் பற்றி ஆளாளுக்குப் பேசி முடித்துவிட்டீர்கள். குரல் பதிவுகள் சுற்றிச் சுற்றி ஊரிலிருக்கும் என் நாத்தனார் வரைக்கும் போயிருக்கின்றன. "யாரோ ஒரு நர்ஸம்மா தண்ணிக்குச் சண்டை போட்டாங்களாமே, உங்க பில்டிங்தானே அண்ணி?" என்று என்னிடமே கேட்கிறாள். ஆமாம், அந்த நர்ஸம்மா நான்தான். ஆனால் சண்டை தண்ணீருக்காக இல்லை, பூனை கடித்த நம் குடியிருப்புப் பையன் ஒருவனின் விரலுக்காக.

பையனுக்கு ஒன்பது வயது. பூனை கடித்தது வலது கை ஆள்காட்டி விரலில், அடிக்கணுவுக்குப் பக்கத்தில். குண்டூசியால் குத்தினது மாதிரி இரண்டே புள்ளி. ஒரு சொட்டு ரத்தம் வந்து நின்றுவிட்டது. அவனைக் கூட்டிக்கொண்டு போய், துணி துவைக்கும் சோப்பைத் தேய்த்து, விரலைக் குழாய்க்கடியில் பிடித்தேன். பதினைந்து நிமிடம் பிடிக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் நம் செயலாளர் வந்து குழாயை மூடினார். "ரெண்டு புள்ளிக்கு இவ்வளவு தண்ணியா? லாரித் தண்ணி என்ன விலைன்னு தெரியுமா மேடம்?"

தெரியும் சார். நானும்தான் பங்கு கட்டுகிறேன். கணக்கும் போட்டுப் பார்த்தேன். குழாயைப் பாதி திறந்தால் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் என்று வையுங்கள். 15 நிமிடத்துக்கு 45 லிட்டர். மூன்று வாளி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கார் குளிப்பதற்கு எத்தனை வாளி என்று நான் இதுவரை எண்ணியதில்லை.

ஏன் பதினைந்து நிமிடம், இரண்டு நிமிடம் போதாதா என்று கேட்டவர்களுக்கு: வெறிநோய்க் கிருமிக்கு வெளியே கொழுப்பால் ஆன ஓர் உறை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்கு போகுமா? சோப்பு போட்டால்தான் போகும். அதேதான் இங்கேயும். சோப்பு அந்த உறையைக் கரைத்துக் கிருமியைச் செயலிழக்க வைக்கிறது, ஓடும் தண்ணீர் எச்சிலையும் அழுக்கையும் அடித்துக்கொண்டு போகிறது. கடித்த உடனே கிருமி மூளைக்கு ஓடிவிடுவதில்லை. முதலில் காயத்திலேயே இருக்கிறது, அப்புறம்தான் நரம்பைப் பிடித்து ஏறுகிறது. நரம்புக்குள் போவதற்கு முன்னால் எவ்வளவைக் குறைக்க முடியுமோ அவ்வளவையும் குறைப்பதற்குத்தான் இந்தக் கழுவல். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவே இந்தப் பதினைந்து நிமிடம்தான். இது நர்ஸம்மா வீட்டுச் சட்டம் இல்லை. கழுவிவிட்டால் ஊசி வேண்டாம் என்றும் அர்த்தம் இல்லை. கழுவ வேண்டும், ஊசியும் போட வேண்டும்.

குழாய் மூடியிருந்த அந்த இடைவெளியில் முதல் மாடி மாமி காப்பித்தூள் டப்பாவோடு வந்தார். நல்ல மனசு, தப்பே சொல்ல மாட்டேன். ஆனால் காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எல்லாம் காயத்தை மூடி எரிச்சலைக் கிளப்பும், அழுக்கை உள்ளேயே வைத்துப் பூட்டும். ஆஸ்பத்திரிக்கு வந்தால் அதைச் சுரண்டி எடுக்கிற வேலை வேறு எங்கள் தலையில். குழந்தை அலறுகிற அலறலை ஒரு நாள் வந்து கேளுங்கள். முன்னோர்கள் முட்டாள்களா என்று நம் குடியிருப்புக் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

கழுவி முடித்த பிறகு அயோடின் மருந்து இருந்தால் தடவலாம். கழுவாமல் அதை மட்டும் தடவிவிட்டு வராதீர்கள். இறுக்கிக் கட்டுப் போட வேண்டாம். சின்னப் புள்ளிதானே, தையல் கேட்போமா என்ற பேச்சும் வேண்டாம். தையல் தேவையா, எப்போது போடலாம் என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் அதிகம் பேர் எழுதியது இதைத்தான்: "வீக்கமே இல்லை, அதுக்குள்ள எதுக்கு ஆஸ்பத்திரி?"

வீக்கத்துக்கும் வெறிநோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பூனை கடித்தால் இரண்டு விதமான ஆபத்து, இரண்டுக்கும் இரண்டு கடிகாரம். வெறிநோயின் கடிகாரம் மெதுவாக ஓடும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம். அதுவரை காயம் ஆறிப்போய்த் தழும்புகூட மறைந்திருக்கும், ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். அறிகுறி வந்துவிட்டால் அனேகமாக ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று, பூனையின் வாயில் சாதாரணமாகவே இருக்கிற பாக்டீரியா. அதன் கடிகாரம் மணிக்கணக்கு. இரவு கடித்தால் விடிவதற்குள் வீங்கலாம். வீக்கம் இல்லை என்று நாய்க்கடி ஊசியைத் தள்ளிப் போடுவதும் தப்பு, ஊசிதான் போட்டாச்சே என்று வீக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் தப்பு. அந்த ஊசி சீழுக்கு மருந்து இல்லை.

நாய் கடித்தால் சதை கிழியும், பயந்துகொண்டு எல்லோரும் ஓடி வருவார்கள். பூனைப் பல் ஊசி மாதிரி. ஆழமாக இறங்கி வெளியே வந்ததும் தோல் மேலே மூடிக்கொள்ளும். உள்ளே போனது உள்ளேயேதான் இருக்கும். அது விரலாக இருந்தால் தோலுக்கும் தசைநாருக்கும் நடுவே இடமே கிடையாது. அதனால்தான் கையில் பூனை கடித்து வந்தால், வீங்குவதற்கு முன்பே பல மருத்துவர்கள் ஆன்டிபயாடிக் எழுதிவிடுகிறார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? "நர்ஸ்தானே, டாக்டரா" என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, டாக்டர் இல்லை. ஊசி அறையில் பத்தொன்பது வருடம். ஆனால் இதை நான் வேலையில் கற்றுக்கொள்ளவில்லை. என் இடது கை நடுவிரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. என்னுடன் சாதம் பிசைந்து சாப்பிட்டவர்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை, ஏனென்றால் அது இடது கை.

ஆறு வருடத்துக்கு முன்னால் நான் வளர்த்த பூனைதான். மாத்திரை கொடுக்கப் போனபோது கடித்தது. இரவு ஒன்பது மணி. ஒரு நிமிடம் கழுவினேன், ஆமாம், ஒரே நிமிடம். மறுநாள் டியூட்டி. விடியற்காலை ஐந்து மணிக்கு முழித்தபோது விரல் தடித்து, பாதி மடங்கி, விறைத்து நின்றது. கணுவில் மட்டும் இல்லை, அடியிலிருந்து நுனிவரை ஒரே மாதிரி வீக்கம். உள்ளங்கைப் பக்கம் தொட்டால் உயிர் போனது. மற்ற கையால் நிமிர்த்திப் பார்த்தபோது கத்திவிட்டேன். இந்த நான்கும் சேர்ந்து வந்தால் தசைநார் உறைக்குள் சீழ் பிடித்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும், அன்றைக்கே அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும். அடுத்தவருக்கு வந்திருந்தால் நானே ஆட்டோ பிடித்து அனுப்பியிருப்பேன். எனக்கு வந்தபோது ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். அன்றைக்கு மட்டுமா, மறுநாளும் போனேன். மூன்றாவது நாள் குளிர் நடுக்கமும் அக்குளில் நெறியும் வந்த பிறகுதான் போய்ப் படுத்தேன். திறந்து கழுவினார்கள். விரல் பிழைத்தது, மடங்குவதுதான் இல்லை.

அதனால் என்னிடம் "ஓவரா பண்றீங்க" என்று சொல்லாதீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

"பூனையால் வெறிநோய் வராது" என்று ஒருவர். வரும். நம் நாட்டில் பெரும்பாலும் நாயால்தான், ஆனால் பூனையாலும் வரும். பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிற பிராணி அது, நகத்திலும் எச்சில் இருக்கும், அதனால் கீறலையும் விட்டுவிட முடியாது. ரத்தம் வராத லேசான கீறலுக்குத் தடுப்பூசி. தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல் என்றால் தடுப்பூசியோடு, எதிர்ப்புப் பொருளைத் தயாராகவே கொண்ட சீரமும் சேர்த்து. சீரத்தைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் போடுவார்கள். தடுப்பூசி போட்டு உடம்பு எதிர்ப்பைத் தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை காவல் காப்பது சீரம்தான். "பத்து நாள் பூனையைப் பார்த்துட்டு அப்புறம் போடலாமே" என்றால், இல்லை. ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பத்து நாளும் அது நன்றாக இருந்தால் மிச்ச ஊசி வேண்டுமா என்று மருத்துவர் சொல்வார்.

"தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவாங்களே, குழந்தை தாங்குமா" என்று பையனின் பாட்டி அழுதார். அவர்மேல் கோபமே வரவில்லை. என் அண்ணனுக்குச் சின்ன வயதில் அப்படித்தான் போட்டார்கள், வயிறு முழுக்கக் கட்டி கட்டியாக நின்றது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து அது. அதை நிறுத்தி இருபது வருடம் ஆகிறது பாட்டி. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் கையில் தோலுக்குள்ளேயே இம்மியளவு, கடித்த அன்றைக்கு, அப்புறம் 3, 7, 28ஆம் நாள். காசு கிடையாது.

என்னைப் பூனை விரோதி என்று எழுதியவருக்கு: மூன்று பூனை வளர்க்கிறேன். மூன்றுக்கும் தடுப்பூசி அட்டை இருக்கிறது. உங்கள் மாடிக்குக் கீழே மிச்ச மீனை வைத்து ஊர்ப் பூனைகளை வரவழைக்கிறீர்களே, அவற்றுக்கு அட்டை இருக்கிறதா? இதைக் கேட்டதற்குத்தான் குழுவிலிருந்து நீக்கினார்கள். லாரித் தண்ணீர் கணக்குக்காக என்று வெளியே சொல்கிறார்கள். கொரோனா சமயத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கச் சொன்ன அதே ஆட்கள். அப்போது யாரும் நர்ஸ்தானே என்று கேட்கவில்லை.

விடுங்கள். அன்றைக்குக் குழாயை மறுபடி திறந்தேன். முதலிலிருந்து எண்ணி மீண்டும் பதினைந்து நிமிடம் கழுவினேன். பையனின் அம்மா ஒன்றும் பேசாமல் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றிரவே அவசரப் பிரிவில் சீரம், முதல் ஊசி, டெட்டனஸ், ஆன்டிபயாடிக் எல்லாம் ஆயிற்று. ஞாயிறு காலை விரலடியில் லேசான சிவப்பு இருந்தது. அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் "7.10" என்று நேரத்தையும் எழுதினேன். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினாலோ, கையில் சிவப்பு வரி மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரலை நீட்ட முடியாவிட்டாலோ நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். சர்க்கரை நோய்க்காரர்கள், மண்ணீரலை எடுத்தவர்கள், கல்லீரல் கெட்டவர்கள் என்றால் இந்தக் கோட்டுக்காகக்கூடக் காத்திருக்கக் கூடாது.

இன்று செவ்வாய், மூன்றாம் நாள். காலையில் ஊசி அறை வரிசையில் பையன் நின்றான். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினான். மூன்று நாளாக அந்தப் பேனாக் கோட்டை அழியவிடாமல் வைத்திருக்கிறான், மங்கின இடத்தில் தானே மறுபடி வரைந்திருக்கிறான். உள்ளே சிவப்பு ஒரு மொச்சை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"தாண்டல ஆன்ட்டி" என்றான்.